புழுக்கமான இரவில் சிள்வண்டு ஏன் இப்படி அவசரப்படுகிறது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் எங்கள் ஊர். சித்திரை பிறந்ததிலிருந்து இரவில் திண்ணையில்தான் படுக்கை. மார்கழியில் இதே வேலியோரம் 'கிரீ... கிரீ...' என்று நிதானமாக இழுத்துக்கொண்டிருந்த சிள்வண்டு, இப்போது யாரோ விரட்டுவதைப்போல மூச்சுவிடாமல் கத்துகிறது. பேத்தியிடம் இதைச் சொன்னேன். அவள் எங்கிருந்தோ ஒரு கணக்கைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். 15 விநாடியில் எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி, அதோடு 40ஐக் கூட்டினால் ஃபாரன்ஹீட்டில் வெப்பநிலை வந்துவிடுமாம்.

இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். 62 வந்தது. 40ஐக் கூட்டினால் 102, அதாவது ஏறக்குறைய 39 டிகிரி செல்சியஸ். வேலியில் கட்டிவிட்ட வெப்பமானி 30 காட்டுகிறது. இரவு எட்டு மணிக்கு 39 டிகிரி இருந்தால் நாங்கள் திண்ணையிலா உட்கார்ந்திருப்போம்? கணக்கு பொய்யா, நாங்கள் எண்ணியது தவறா? அதோடு, சூடு ஏறினால் பூச்சிக்கு ஏன் இந்த அவசரம்?

மாடிவீட்டு ரசிகன் எழுதியது:

எளிய விஷயம் ஐயா. வெயில் காலம் அவற்றுக்கு இணைசேரும் காலம். கத்துவது ஆண் மட்டும்தான், பெண்ணை அழைப்பதற்காகத்தான். வெப்பத்தில் உடம்பில் தெம்பு கூடுகிறது, போட்டியும் கூடுகிறது. வேகமாகக் கத்துபவனைப் பெண் தேர்ந்தெடுக்கிறது. அதனால் எல்லாரும் முந்திக்கொள்ளப் பார்க்கிறார்கள்.

சொல்வேட்டை எழுதியது:

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். பகலில் மரத்தில் ஒட்டிக்கொண்டு காது கிழியக் கத்துவதையும் சிள்வண்டு என்றுதான் சொல்கிறோம். அது வேறு இனம், அடிவயிற்றின் பக்கத்தில் இருக்கும் சவ்வை அதிரவைத்துக் கத்துவது. நீங்கள் கேட்பது சுவர்க்கோழி.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எங்கள் தெருவில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான் ஐயா. நான் சொல்வது வேலியடியில் கறுப்பாக, வெட்டுக்கிளி மாதிரிப் பின்னங்கால் தடித்து இருப்பது.

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

கறுப்பு என்றால் வயல்வெளியில் குழி பறித்து இருப்பதாக இருக்கும். அந்தக் கணக்கு பொய் இல்லை, ஆனால் உங்கள் வேலிக்காக எழுதப்பட்டதும் இல்லை. அமோஸ் டால்பேர் என்ற அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் 1897இல் வெளியிட்டது. எந்தப் பூச்சியை எண்ணினார் என்று அவர் எழுதிவைக்கவில்லை. பின்னால் வந்த பூச்சியியலாளர்கள், அது அங்கே செடிகொடிகளில் வாழும் வெளிறிய மரச் சிள்வண்டாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். அது ஒரே சீராக, பக்கத்தில் இருப்பவற்றோடு சேர்ந்து ஒரே நேரத்தில் கத்தும். நூறு பூச்சி கத்தினாலும் ஒன்று கத்துவதைப்போல எண்ணிவிடலாம். நம் ஊர்க் கறுப்பனுக்கு அந்த ஒற்றுமை கிடையாது. நீங்கள் எண்ணிய 62 இரண்டு பூச்சிகளுடையது என்பது என் சந்தேகம். மெதுவாக வேலியருகே போய்க் காலைத் தரையில் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் இருப்பது உடனே வாயை மூடிக்கொள்ளும். தள்ளி இருப்பது தொடர்ந்தால், அதை மட்டும் எண்ணுங்கள்.

(வாய் என்று சும்மா சொன்னேன். சத்தம் வருவது இறக்கையிலிருந்து.)

மாடிவீட்டுத் தம்பி, கத்துவது ஆண், பெண்ணுக்காக என்றது சரி. ஆனால் வெப்பத்தில் வேகம் கூடுவது போட்டியினால் இல்லை. பக்கத்தில் போட்டிக்கு ஒரு பூச்சிகூட இல்லாமல் ஒற்றை ஆணைப் பெட்டியில் வைத்துச் சூடேற்றினாலும் வேகம் கூடும். நமக்கு உடம்பு எப்போதும் 37 டிகிரியில் நிற்கிறது. அதற்கு அப்படி இல்லை, காற்றும் மண்ணும் எவ்வளவோ அவ்வளவுதான் உடம்பும். இறக்கையை இழுக்கும் தசைக்கு 'இப்போது இழு, இப்போது விடு' என்று நெஞ்சுப் பகுதி நரம்பு முடிச்சுகளிலிருந்து ஒரு தாளம் போகிறது. அந்த நரம்புகளிலும் தசையிலும் நடப்பது வேதிவினை. சூடு ஏறினால் வேதிவினை விரையும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆகலாம். அது விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தாளம் துரிதமாகிவிடும்.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

ஐயா, அம்மா, யாராவது இதை விரட்ட ஒரு வழி சொல்லுங்கள். குடவாசல் பக்கம் எங்கள் வீடு. சமையலறையில் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஒன்று குடியேறி மூன்று வாரமாகிறது. கூடத்தில் பத்தாயத்தடியிலும் ஒன்று இருக்கிறது, அதுவாவது நிறுத்தி நிதானமாகக் கத்துகிறது. ஃபிரிட்ஜுக்காரன் இரண்டு மடங்கு வேகத்தில் கத்துகிறான். பாய் விரித்துப் படுத்த அப்பா நேற்று எழுந்து உட்கார்ந்து, 'இவனுக்கு என்னடா அவசரம்' என்று கேட்டார். மஞ்சள் தூள், வேப்பிலைப் புகை இரண்டும் பார்த்தாயிற்று.

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

விரட்டுவது இருக்கட்டும் தம்பி. இந்த இழையில் இதுவரை வந்ததில் உங்கள் ஃபிரிட்ஜ்தான் சரியான விடை. பின்பக்கத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். கூடத்தில் இருப்பவன் 29 டிகிரியில் இருக்கிறான் என்றால், ஃபிரிட்ஜுக்காரன் அதைவிட நாலைந்து டிகிரி கூடுதலான இடத்தில் உட்கார்ந்திருக்கிறான். இரண்டையும் அரை நிமிடம் எண்ணிச் சொல்ல முடியுமா?

தூக்கம்கெட்டவன் எழுதியது:

எப்படியும் தூக்கம் இல்லை, எண்ணினேன். அரை நிமிடத்தில் கூடம் 70, ஃபிரிட்ஜ் 96. இரண்டு மடங்கு என்று சொன்னது என் எரிச்சல்.

மிருதங்க மாணவன் எழுதியது:

திருவையாற்றிலிருந்து எழுதுகிறேன். ஒரு சந்தேகம். நானும் கவனித்திருக்கிறேன், வெயில் காலத்தில் காலப்பிரமாணம் ஏறுகிறது, ஆனால் சுருதி ஏறுவதாகத் தெரியவில்லை. தம்பூராவோடு வைத்துப் பார்த்தால் அதே இடத்தில் நிற்கிறது. இறக்கை வேகமாக அசைந்தால் சுருதியும் ஏற வேண்டாமா? என் காதுதான் சரியில்லையா?

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

காது நன்றாகவே இருக்கிறது. ஒரு சீப்பின் பற்களில் நகத்தை இழுத்துப் பாருங்கள். அதே வேலைதான். வலது முன்னிறக்கையின் அடிப்பக்கம் ஒரு நரம்பில் நுண்ணிய பற்கள் வரிசையாக, நூற்றுக்கும் மேல் இருக்கும். இடது இறக்கையின் ஓரத்தில் ஒரு கூர் விளிம்பு. இறக்கையைச் சற்றுத் தூக்கி, விரித்து, மூடுகிறது. மூடும்போது மட்டும்தான் விளிம்பு பற்களில் உரசிச் சத்தம் எழுகிறது. விரிக்கும்போது மௌனம். ஒரு தடவை மூடினால் ஒரு துடிப்பு. மூன்று நான்கு துடிப்புகள் அடுக்காக வந்தால் அதுதான் நம் காதில் விழும் ஒரு 'கிரீ'.

பல் உரசினால் மட்டும் இவ்வளவு சத்தம் வராது. இறக்கையில் ஒரு மெல்லிய சவ்வுப் பகுதி இருக்கிறது. உங்கள் மிருதங்கத்தின் வலந்தலைபோல அதற்கென்று ஓர் அதிர்வு உண்டு. வயல் சிள்வண்டில் அது விநாடிக்கு நாலாயிரத்திலிருந்து ஐந்தாயிரம் வரை. மூடும் வேகமும் அந்த அதிர்வோடு இணைந்தே ஓடுகிறது. ஆகவே சூடு ஏறும்போது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடைவெளி குறைகிறது, சுருதி பெரிதாக நகர்வதில்லை. ஆனால் எல்லாம் இப்படி என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். மரச் சிள்வண்டுகளில் சூட்டோடு சுருதியும் ஏறும்.

மாடிவீட்டு ரசிகன் எழுதியது:

சரி டீச்சர், வேகம் வெப்பத்தால் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெண் எதைக் கேட்டு வருகிறது? 'இவன் நம் இனம்' என்று அடையாளம் சொல்வது அந்தத் துடிப்பின் வேகம்தான் என்று படித்திருக்கிறேன். பங்குனியில் ஒரு வேகம், மார்கழியில் ஒரு வேகம் என்றால் அடையாளமே மாறிவிடாதா? பெண் குழம்பிப்போகாதா?

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பெண்ணுக்குக் காது முன்னங்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இடது காலில் சத்தம் பலமாக விழுந்தால் இடப்பக்கம் திரும்புகிறது, வலது காலில் பலமானால் வலப்பக்கம். அப்படியே தத்தித் தத்தி அழைப்பவனிடம் வந்து சேர்கிறது. ஆனால் எந்தச் சத்தத்துக்கும் வருவதில்லை. துடிப்புகளின் இடைவெளி தன் இன ஆணுடையதாக இருக்க வேண்டும். கூடினாலும் வராது, குறைந்தாலும் வராது.

இப்போது உங்கள் குழப்பம். வாக்கர் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர் 1957இல் மரச் சிள்வண்டுப் பெண்களை வெவ்வேறு வெப்பத்தில் வைத்து, வெவ்வேறு வேகத்தில் ஒலியைக் கேட்கவைத்தார். குளிரில் இருந்த பெண் மெதுவான ஒலிக்குப் போனது. சூட்டில் இருந்தது வேகமான ஒலிக்குப் போனது. தன் வெப்பத்தில் தன் இன ஆண் எந்த வேகத்தில் கத்துவானோ அந்த வேகத்தைத்தான் ஒவ்வொன்றும் தேர்ந்தது. வயல் சிள்வண்டிலும் பின்னால் இதே மாதிரி பார்த்தார்கள். அவன் நரம்பு விரையும்போது அவள் நரம்பும் விரைகிறது. பாடுபவனுக்கும் கேட்பவளுக்கும் ஒரே காற்று, ஒரே வெப்பம், அதனால் தாளம் தப்புவதில்லை.

மிருதங்க மாணவன் எழுதியது:

அப்படியானால் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பவன் கதி? அவன் 34 டிகிரியில் பாடுகிறான், கொல்லையில் கிணற்றடியில் 27 டிகிரியில் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவளுக்கு அவன் வேறு இனம்போலத் தோன்றுமா?

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

தத்துவப்படி தோன்ற வேண்டும். ஆனால் பெண்ணின் தேர்வு ஊசிமுனை மாதிரி இருப்பதில்லை, கொஞ்சம் அகலம் உண்டு. அவள் நடந்து சமையலறைக்குள் வர வர அவள் உடம்பும் சூடேறும். ஏழு டிகிரி வித்தியாசத்தில் கிணற்றடியிலிருந்து புறப்படுவாளா என்று யாராவது உங்கள் வீட்டிலேயே பார்த்தால்தான் தெரியும்.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

என் வீட்டை ஆராய்ச்சிக்கூடம் ஆக்கிவிட்டீர்கள். நேற்று இரவு ஒன்பது மணிக்கு மின்சாரம் போய் பத்தேகாலுக்குத்தான் வந்தது. போனபோது ஃபிரிட்ஜுக்காரன் அரை நிமிடத்தில் 95. ஒரு மணி நேரம் கழித்து, பின்பக்கம் ஆறியபோது 81. கூடத்துக்காரன் அப்போதும் 71. ஒரே பூச்சி, அதே இடம். டீச்சர் சொன்னது சரி.

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

அருமையான கணக்கு. முழுதாக ஒப்புக்கொள்ள ஒரு தடை மட்டும் இருக்கிறது. மின்சாரம் போனபோது வெப்பம் மட்டும் மாறவில்லை. ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது, விளக்கு அணைந்தது. அதனாலும் அவன் மாறியிருக்கலாம். மின்சாரம் வந்த உடனே, பின்பக்கம் சூடேறுவதற்கு முன்பு எண்ணியிருந்தால் பிரித்துச் சொல்லியிருக்கலாம்.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

மின்சாரம் வந்த உடனே மின்விசிறியைப் போட்டுப் படுத்துவிட்டேன் அம்மா. மன்னிக்கவும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

டீச்சர் சொன்னபடியே காலைத் தட்டினோம். ஒன்று நின்றது, இன்னொன்று தொடர்ந்தது. இரண்டுதான்! தனியாக எண்ணினால் 15 விநாடியில் 38. அமெரிக்கக் கணக்குப்படி 78 ஃபாரன்ஹீட், அதாவது 25.6 டிகிரி செல்சியஸ். உண்மையில் 30. முதலில் ஒன்பது டிகிரி கூடக் காட்டிய கணக்கு இப்போது நாலு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. பேத்தி சிரித்துவிட்டாள்.

எங்கள் கறுப்பனுக்கு நாங்களே கணக்குப் போடலாம் என்று பத்து நாளாக முயன்றோம். வேலியடியில் தரையை ஒட்டி வெப்பமானியைக் கட்டினோம். ஒரே குழியை ஒரு நிமிடம், மூன்று தடவை எண்ணி நடுவில் வந்ததை எடுத்துக்கொண்டோம். 30 டிகிரியில் 152. கோடை மழை பெய்த மாலையில் 26 டிகிரி, அன்று 124. 28இல் 138. பேத்தி வகுத்துப் பார்த்தாள். ஒவ்வொரு டிகிரிக்கும் 7 கத்தல். 124ஐ 26 என்று வைத்து, அதற்கு மேலே ஒவ்வொரு ஏழுக்கும் ஒரு டிகிரி கூட்டினால் சரி. மறுநாள் வெப்பமானியைப் பார்க்காமல் எண்ணினோம். 131 வந்தது. 27 என்றோம். பார்த்தால் 27க்குச் சற்று மேலே.

ஆனால் முந்தாநாள் கணக்கு கவிழ்ந்துவிட்டது. 110தான் வந்தது, அதாவது 24 டிகிரி இருக்க வேண்டும். வெப்பமானி 28. அதே குழி, அதே பூச்சி என்றுதான் நினைக்கிறேன். என்ன கோளாறு?

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

வெப்பத்தை மட்டும் பார்த்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வோம். அன்று அவன் இணைசேர்ந்திருக்கலாம். பெண் பக்கத்தில் வந்துவிட்டால் அவன் அந்த உரத்த அழைப்பையே விட்டுவிட்டு, மெல்லிய கிசுகிசுப்பான வேறொரு பாட்டுக்கு மாறுவான். அவள் அவன் முதுகில் ஏறினால்தான் காரியம் நடக்கும். அவன் விந்துப் பையை ஒட்டிவிட்டு, அதன் பிறகு கொஞ்சநேரம் அழைக்கவே மாட்டான். அல்லது வேறொரு ஆண் குழிப்பக்கம் வந்திருக்கும். அதற்குச் சண்டைப் பாட்டு தனி. அல்லது வயதாகியிருக்கும்.

நிமிடத்துக்கு எத்தனை தடவை அழைக்கிறான் என்பதில் அவன் மனநிலையும் கலந்திருக்கிறது. ஒரு 'கிரீ'க்குள் துடிப்புகள் எவ்வளவு நெருக்கமாக வருகின்றன என்பதைப் பாருங்கள், அது வெப்பத்தை விட்டு அவ்வளவாக விலகாது. அதைக் காதால் எண்ண முடியாது. கைப்பேசியில் பதிவு செய்து, ஒலி அலையைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று நான்கு சிறிய மேடுகள் தெரியும். மேட்டுக்கும் மேட்டுக்கும் இடையே உள்ள நேரத்தை அளக்கலாம். 28 டிகிரியில் ஒரு நல்ல நாளையும் அந்தக் கெட்ட நாளையும் ஒப்பிடுங்கள். கத்தல் குறைந்தாலும் மேடுகளின் இடைவெளி ஒன்றாக இருந்தால், பூச்சிக்கு உற்சாகம் குறைந்திருக்கிறது, கணக்கு தப்பவில்லை.

நாற்றங்கால் எழுதியது:

படிக்கப் படிக்க ஆசை வந்துவிட்டது. நான் பாபநாசம் பக்கத்து விவசாயி. பிள்ளைப்பூச்சியைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அதுவும் இந்தச் சாதிதானே? நாற்றங்கால் வரப்பில் அது போடும் பொந்தின் வாயைப் பார்த்தால் நாதஸ்வர அணசு மாதிரி விரிந்து, உள்ளே வழவழவென்று இருக்கும். அந்தியில் 'உர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுக்கும். பக்கத்தில் நின்றால் தரை அதிர்வதுபோல இருக்கும். சிறு பூச்சிக்கு இவ்வளவு சத்தம் எப்படி?

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

நீங்கள் அணசு என்றது வெறும் உவமை இல்லை ஐயா. ஐரோப்பாவில் ஒரு வகைப் பிள்ளைப்பூச்சியின் பொந்தை வார்த்தெடுத்துப் பார்த்தார்கள். ஒலிபெருக்கிக் குழலின் வடிவத்தில் இருந்தது. ஆண் பொந்தின் தொண்டையில், தலை உள்ளேயும் வால் வாயைப் பார்த்தும் உட்கார்ந்து இறக்கையை உரசுகிறது. பொந்து அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கி மேலே அனுப்புகிறது. அங்கே பெண்கள் பறந்துகொண்டிருக்கும்.

பலமாகக் கேட்பவனிடம் பெண் போகும் என்பதால் தந்திரங்களும் உண்டு. ஆந்திராவில் குப்பம் பக்கத்தில், பெங்களூரு ஆய்வாளர்கள் ஒரு மரச் சிள்வண்டைக் கவனித்தார்கள். ஆண் ஓர் இலையின் நடுவில் கடித்து ஓட்டை போட்டு, அதில் உடம்பை நுழைத்து, இறக்கையை இலையோடு ஒட்ட வைத்துக்கொண்டு கத்துகிறது. இலை இல்லாவிட்டால் இறக்கையின் முன்னும் பின்னும் எழும் ஒலி ஒன்றையொன்று விழுங்கிவிடும். இலை நடுவில் தட்டியாக நின்று அதைத் தடுக்கிறது. சத்தம் இரண்டு மூன்று மடங்கு பெருகுகிறது. இதைப் பெரும்பாலும் செய்வது உடல் சிறுத்த, சன்னமாகக் கத்தும் ஆண்கள். பெரியவனுக்கு இலை தேவைப்படுவதில்லை.

மாடிவீட்டு ரசிகன் எழுதியது:

ஆக, வேகத்துக்கு வெப்பம், பலத்துக்குப் பெண். நான் சொன்னதில் பாதியாவது சரி என்று எழுதிக்கொள்ளலாமா?

பழைய விலங்கியல் டீச்சர் எழுதியது:

பாதிக்குச் சற்று மேலே. ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை. ஆணின் துடிப்பையும் பெண்ணின் தேர்வையும் ஒரே மரபணுக்கள் கட்டிவைத்திருப்பதால் இரண்டும் சேர்ந்து மாறுகின்றனவா, இல்லை, இரண்டு நரம்பு மண்டலமும் தனித்தனியே சூட்டுக்கு ஒரே விதமாக விரைகின்றனவா? நான் படித்த காலத்தில் இரண்டு பக்கமும் வாதம் இருந்தது. வகுப்பில் மாணவர்கள் கேட்டபோது இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு மணி அடிக்கும்வரை நின்றிருக்கிறேன்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

பதிவு செய்தோம் அம்மா. 28 டிகிரி, நல்ல நாள்: நாலு மேடு, இடைவெளி 36 மில்லி விநாடி. நேற்றும் 28, ஆனால் கத்தல் 117தான். நாலு மேடு, இடைவெளி 37. பேத்தி நோட்டில் 'இவன் சோம்பேறி, வெப்பமானி சரி' என்று எழுதிவிட்டாள். மார்கழிவரை இந்தக் குழியை விடமாட்டாளாம். அதுவரை இதே பூச்சி உயிரோடு இருக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தூக்கம்கெட்டவன் எழுதியது:

நாளை சமையலறைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள், ஃபிரிட்ஜை நகர்த்தியாக வேண்டும். அப்பாவிடம் சொன்னேன். 'கொல்லையில் விடும்போது குளிரில் மெதுவாகக் கத்துகிறானா என்று எண்ணிவிடு' என்றார். இப்போது அவரும் மணி பார்த்து உட்கார்ந்திருக்கிறார். இன்றிரவு கடைசிக் கணக்கு: 97.